சினிமா பார்த்து அழுகிறவள் அவசர அழைப்பு எடுக்கலாமா?

அன்புள்ள அக்கா,

எனக்கு 24 வயது. ஆம்புலன்ஸ் அவசர அழைப்பு மையத்தில் ஃபோன் எடுக்கும் வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன், அடுத்த மாதம் பயிற்சி. அதே சமயம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவிலும் வேலை கிடைத்திருக்கிறது. எனக்கு முதலாவதில்தான் ஆசை. ஆனால் நான் சினிமா பார்த்தாலே அழுதுவிடுவேன். "நீ ரொம்ப மெல்லிய மனசு, உனக்கு இது ஒத்து வராது, அந்தச் சுலபமான வேலைக்குப் போ" என்கிறார்கள் வீட்டில். சேர்ந்த பிறகு திணறுவதை விட, தாங்குவேனா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வழி இருக்கிறதா? நீங்கள் அந்த வேலையில் இருந்து, பிறகு பயிற்சியும் கொடுத்தவர் என்பதால் கேட்கிறேன். பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்த சினிமா அழுகையை முடித்துவிடலாம், ஏனென்றால் வீட்டில் எல்லோரும் அதை வைத்துத்தான் தீர்ப்பு எழுதுகிறார்கள். மார்க் டேவிஸ் என்ற உளவியலாளர் 1980-இல், அடுத்தவர் நிலையை ஒருவர் எப்படி உணர்கிறார் என்பதை அளக்க 28 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உண்டாக்கினார். இன்றைக்கும் ஆய்வுகளில் அது புழங்குகிறது. அதில் அவர் ஒரே மதிப்பெண் போடவில்லை, ஏழேழு கேள்விகளாக நான்கு பங்காகப் பிரித்தார். கதையிலும் சினிமாவிலும் வருகிறவர்களோடு ஒன்றிப்போவது ஒரு பங்கு. அடுத்தவர் கோணத்தில் நின்று யோசிப்பது ஒன்று. கஷ்டப்படுகிறவர் மேல் அக்கறை வருவது ஒன்று. நான்காவது, பதற்றமான சூழலில் நாமே நிலைகுலைந்து போவது. இந்த நான்கும் வேறு வேறு. சினிமாவுக்கு அழுவது முதல் பங்கில் போய் உட்காரும், வேலைக்கு ஆபத்தானது நான்காவது. ஒன்று இருந்தால் இன்னொன்றும் இருக்கும் என்று கட்டாயம் இல்லை.

மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்த வேலையில் எல்லாம். ஒரு விபத்து நடந்த இடத்தில் ஒருவர் "இவருக்கு என்ன வேண்டும்" என்று கிட்டப் போகிறார், இன்னொருவருக்குத் தன் நெஞ்சு அடித்துக்கொள்வதும் கை நடுங்குவதும்தான் பெரிதாகத் தெரிகிறது. இரண்டு பேருக்கும் இரக்கம் உண்டு, வீட்டுக்குப் போய் இரண்டு பேரும் அழலாம். ஆனால் இரண்டாமவருக்கு அந்த நிமிடத்தில் வேண்டியது தன் பதற்றம் அடங்குவது, அதற்குக் கிட்டும் வழி அங்கிருந்து நகர்ந்துவிடுவது. ஃபோனில் நகர முடியாது என்பதால் அது வேறு உருவத்தில் வரும்: அவசர அவசரமாகப் பேசுவார், கேட்க வேண்டியதைக் கேட்காமல் விடுவார், அழைப்பவரை அதட்டுவார். நான் பயிற்சி கொடுத்தவர்களில், அழைப்பு முடிந்ததும் கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்து அடுத்த அழைப்பை எடுத்து, வருஷக்கணக்காக நன்றாக வேலை செய்தவர்கள் உண்டு. எதற்கும் கண் கலங்காதவர் என்று பெயர் வாங்கி, சில மாதங்களிலேயே அழைப்பவர்களோடு சண்டை பிடிக்க ஆரம்பித்தவர்களும் உண்டு.

அதனால் "நான் அழுவேனா" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு. அந்த சில நிமிடங்களில் என் கவனம் அவர்கள்மேல் நிற்குமா, என்மேல் திரும்பிவிடுமா? முடிந்த பிறகு, நான் பழையபடி ஆவதற்கு எவ்வளவு நேரம் ஆகிறது?

இது காற்றில் பேசுகிற மாதிரி இருக்கக்கூடாது என்பதற்காக ஓர் அழைப்பை எடுத்துக்கொள்வோம். எந்த ஒருவருடைய கதையும் இல்லை, இந்த மாதிரி அழைப்புகள் எப்படிப் போகுமோ அப்படிச் சொல்கிறேன். ஒரு பெண்மணி பேசுகிறார், கணவர் குளியலறை வாசலில் விழுந்துவிட்டார். நீங்கள் முதலில் கேட்பது என்ன ஆயிற்று என்று இல்லை, எங்கே இருக்கிறீர்கள் என்று. லைன் அறுந்துபோனாலும் வண்டியை எங்கே அனுப்புவது என்று தெரிந்திருக்க வேண்டும், அப்புறம் திருப்பிக் கூப்பிட நம்பர். அவர் கத்துகிறார்: "கேள்வி கேட்டுக்கிட்டே இருக்கீங்களே, முதல்ல வண்டியை அனுப்புங்க!" பெரிய மையங்களில் நீங்கள் விலாசத்தைத் தட்டச்சு செய்து, நிலைமை மோசம் என்று குறித்ததுமே, பக்கத்து மேசையில் இருப்பவர் வண்டியைக் கிளப்பிவிடுவார். அது அழைத்த அந்த அம்மாவுக்குத் தெரியாது. நீங்கள் பேசிக்கொண்டிருப்பதால்தான் வண்டி தாமதமாகிறது என்று நினைத்து இன்னும் கத்துகிறார். "வண்டி கிளம்பிடுச்சும்மா. அவரைத் தரையில மல்லாக்கப் படுக்க வையுங்க, நான் சொல்றேன்." கேட்கவில்லை. மறுபடி அதே வாக்கியம், அதே குரலில். மூன்றாவது முறையும் வார்த்தை மாறாமல் அதேதான். பதற்றத்தில் இருப்பவர் புது வாக்கியத்தைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்க மாட்டார், திரும்பத் திரும்ப வருவது மட்டும் எப்படியோ உள்ளே போகும். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை அதுதான், பெரும்பாலும் பலிக்கிறது. ஆனால் உங்கள் குரல் ஒரு சுதி ஏறினாலும் எதிர்முனையில் இரண்டு சுதி ஏறும்.

"கண்ணு முழிச்சிருக்காரா? மூச்சு ஒழுங்கா வருதா?" "குறட்டை விடுறார், மூச்சு இருக்கு" என்கிறார் அந்த அம்மா. இங்கேதான் பழக்கம் இல்லாதவர்கள் ஏமாறுவார்கள். இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு இடைவெளி விட்டு விட்டுக் குறட்டை போல, விக்கல் போல ஒரு சத்தம் வரும். அது மூச்சு இல்லை. நினைவும் இல்லை, மூச்சும் ஒழுங்காக இல்லை என்றால் நெஞ்சை அழுத்தச் சொல்ல வேண்டும்: நெஞ்சின் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, அதன்மேல் இன்னொரு கை, 5 செ.மீ. ஆழத்துக்குக் குறையாமல், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. அந்த வேகத்தை நீங்கள்தான் வாய்விட்டு எண்ணிக் கொடுக்க வேண்டும். "ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அழுத்துங்க, ஒண்ணு, ரெண்டு..." அவர் "எலும்பு முறியற மாதிரி சத்தம் கேட்குது" என்று அழுவார், "பரவாயில்ல, நிறுத்தாதீங்க" என்பீர்கள். "கை வலிக்குது, என்னால முடியல" என்பார், வேறு யாராவது வீட்டில் இருக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டே எண்ணுவீர்கள். பிறகு கதவு திறக்கிற சத்தம், புதுக் குரல்கள். ஆட்கள் வந்துவிட்டார்கள். லைன் துண்டிக்கப்படுகிறது.

அவ்வளவுதான். அவர் பிழைத்தாரா? பெரும்பாலும் உங்களுக்குத் தெரியவே போவதில்லை. கொஞ்ச நேரத்தில் அடுத்த மணி அடிக்கும், அதில் ஒரு சிறுவன் சிரித்துவிட்டு ஃபோனை வைப்பான், அல்லது ஒருவர் தன் பல்வலிக்கு வண்டி கேட்டு, கிடைக்காது என்றதும் உங்களை அசிங்கமாகத் திட்டுவார். அவரிடமும் அதே குரலில் பேச வேண்டும்.

இப்போது பாருங்கள், இதில் எது உங்களை அசைக்கிறது? வெளியில் இருப்பவர்கள் அந்த மரணத்தைத்தான் கஷ்டம் என்று நினைப்பார்கள். உள்ளே இருப்பவர்களிடம் கேட்டால் முடிவு தெரியாமல் விடுவதைச் சொல்வார்கள், அல்லது அதன் பின்னால் வந்த பல்வலிக்காரரைச் சொல்வார்கள். எண்ணிக் கொடுக்கும்போது பெரும்பாலானவர்களுக்குப் பயம் தெரிவதே இல்லை, ஏனென்றால் கைக்கு வேலை இருக்கிறது, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது திரையில் எழுதியிருக்கிறது. நிலைகுலைவது அது இல்லாத இடத்தில்தான்.

வீட்டில் சொல்கிற அந்தச் "சுலபமான வேலை"யும் இங்கேதான் வருகிறது. ஆர்லி ஹாக்ஷீல்ட் என்ற சமூகவியலாளர் 1983-இல், சம்பளத்துக்காகத் தன் உணர்ச்சியையே ஒழுங்கு பண்ணிக் காட்ட வேண்டிய வேலைகளைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அவர் எடுத்துக்கொண்டது விமானப் பணிப்பெண்களையும், கடன் வசூல் பண்ணுகிறவர்களையும். ஒருவர் எப்போதும் சிரிக்க வேண்டும், இன்னொருவர் எப்போதும் கறாராக இருக்க வேண்டும். இரத்தம் இல்லை, மரணம் இல்லை. ஆனாலும் ஆள் தேய்ந்துபோகிறார். பின்னால் வந்த பல ஆய்வுகள், உள்ளே ஒன்றை வைத்துக்கொண்டு வெளியே வேறொன்றைக் காட்டுவதுதான் களைப்போடு நெருக்கமாகச் சேர்ந்து வருகிறது என்று காட்டியிருக்கின்றன. வேலை அழுத்தத்தை ஆராய்ந்த ராபர்ட் காராசெக் 1979-இல் சொன்ன இன்னொரு கணக்கும் இதற்குப் பொருந்தும்: ஒரு வேலையில் நெருக்கடி அதிகமாக இருப்பதை விட, நெருக்கடி அதிகமாகவும் முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருப்பதுதான் ஆளை அழுத்துகிறது.

காப்பீட்டு வேலையை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். கணவரை இழந்த ஒரு பெண் நான்காவது தடவையாகக் கூப்பிட்டு, பணம் எப்போது வரும் என்று கேட்பார். உங்கள் திரையில் "பரிசீலனையில் உள்ளது" என்று மட்டும் இருக்கும். அதை மாற்ற உங்களுக்கு அதிகாரம் இல்லை, யார் மாற்றுவார்கள் என்றும் தெரியாது, எழுதிக் கொடுத்த வாக்கியத்தை இனிமையான குரலில் படிக்க வேண்டும், அதற்கு மேல் அழைப்பு இத்தனை நிமிடத்தில் முடிய வேண்டும் என்று கணக்கு. இதைப் பல வருஷம் அலட்டிக்கொள்ளாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அடுத்தவர் மேல் அக்கறை அதிகம் உள்ளவர்களுக்கு, ஏதாவது செய்ய முடிகிற கொடுமையை விட எதுவும் செய்ய முடியாத சாதாரணம் கடினமாக இருப்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இரண்டு வேலையையும் ஒப்பிடும்போது "எது பயங்கரமானது" என்று பார்க்காதீர்கள். ஒரு நாளில் வரும் பேச்சுகளில் எத்தனையில் உங்களால் உண்மையிலேயே ஏதாவது செய்ய முடியும் என்று பாருங்கள்.

சரி, முன்கூட்டியே பார்க்கும் வழி. படிவங்கள் உதவும், ஆனால் கொஞ்சம்தான். அவை நம்மைப் பற்றி நாமே சொல்வது. நான் எப்படி இருப்பேன் என்று கற்பனை பண்ணுவதில் மனிதர்கள் பொதுவாகவே மோசம், வேலை வேண்டும் என்கிற ஆசை இருந்தால் இன்னும் மோசம். அதனால் கற்பனையை விட்டுவிட்டு ஏற்கெனவே நடந்ததைப் பாருங்கள். வீட்டில் யாருக்காவது உடம்புக்குத் திடீரென்று ஆனபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? மருத்துவர் சொன்னதை யார் காதில் வாங்கினார், நீங்களா, வேறு ஒருவரா? முன்பின் தெரியாத ஒருவர் உங்களைக் காரணமில்லாமல் திட்டியபோது அது எத்தனை நாள் கூடவே வந்தது? கூட இருந்த ஒருவரைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், நம் ஞாபகம் நமக்குச் சாதகமாகப் பேசும்.

அதை விட நல்லது, உட்கார்ந்து கேட்பது. பல மையங்களில், சேர்வதற்கு முன் ஒரு ஷிஃப்ட் முழுக்க வேலை செய்கிறவர் பக்கத்தில் இரண்டாவது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்க அனுமதிப்பார்கள், இரகசியம் காப்பதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டு. கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டிவிட்டு அனுப்புவது போதாது, அந்த ஒரு மணியில் வெறும் கால் வலியும் தவறான நம்பருமாகப் போய்விடலாம். இணையத்தில் கிடைக்கும் பதிவுகளைக் கேட்பதும் இதற்கு ஈடாகாது, அவை வெட்டி ஒட்டியவை, பெரும்பாலும் முடிவு தெரிந்தவை, பிடிக்காவிட்டால் நிறுத்திவிடலாம்.

கேட்கும்போது ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். கனமான ஓர் அழைப்பு முடிந்ததும் ஒரு தாளில் விலாசம், வயது, என்ன நடந்தது, அழைத்தவர் கடைசியாகச் சொன்னது, இவற்றை எழுதிப் பாருங்கள். ஒன்றிரண்டு விட்டுப்போவது சகஜம், உங்களுக்கு இன்னும் பழக்கம் இல்லை. ஆனால் தாள் காலியாக இருந்து, உங்கள் நெஞ்சு அடித்துக்கொண்டது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறதா? அது நான்காவது பங்கு, கவனிக்க வேண்டியது. ஒரு தடவை நடந்தால் பரவாயில்லை. மூன்றாவது கனமான அழைப்பிலும் அப்படியே இருக்கிறதா, குறைகிறதா என்பதுதான் விஷயம். சிலருக்கு முதல் இரண்டு அழைப்புக்குள்ளேயே காது பிடிபட்டுவிடும்.

பிறகு வீட்டுக்குப் போங்கள். அன்றைக்குத் தூக்கம் கெடலாம், மறுநாள் அந்தக் குரல் காதில் ஒலிக்கலாம், பயப்பட வேண்டாம், கேட்காமலிருந்தால்தான் நான் கொஞ்சம் யோசிப்பேன். பார்க்க வேண்டியது அது தேய்கிறதா என்பதை. மூன்றாம் நாள் முதல் நாளை விட மங்கலாக இருக்கிறதா, ஒரு வாரத்தில் நீங்கள் நினைத்தால்தான் வருகிறதா? அப்படியானால் உங்கள் மனது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. ஒரு வாரம் கழித்தும் அதே கூர்மையோடு, கூப்பிடாமலேயே வருகிறது, ஃபோன் மணி அடித்தால் உடம்பு தூக்கிப்போடுகிறது, அந்தக் கட்டடம் இருக்கும் பக்கம் போகாமல் சுற்றிப் போகிறீர்கள் என்றால், ஒரே ஒரு ஷிஃப்டுக்கு இது கொஞ்சம் அதிகம். இந்த நிலை ஒரு மாதம் தாண்டியும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது அவசியம், வேலையில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும். "நான் நேரில் எதையும் பார்க்கவில்லையே, கேட்டதுதானே" என்று தள்ளிவிடாதீர்கள். அமெரிக்க மனநல மருத்துவர்கள் சங்கம் 2013-இல் வெளியிட்ட ஐந்தாம் பதிப்புக் கையேட்டில், வேலையின் பாகமாக இந்த மாதிரி விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதையும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கான காரணங்களில் ஒன்றாக வைத்திருக்கிறார்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், உங்கள் கடிதத்தில் அது இல்லை, இருக்க வேண்டும் என்றும் இல்லை. சமீபத்தில் யாரையாவது இழந்திருக்கிறீர்களா? ஒரு வருஷத்துக்குள் அப்பாவை மாரடைப்பில் பறிகொடுத்த ஒருவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால், ஒவ்வொரு நெஞ்சுவலியும் அந்த நெஞ்சுவலிதான். அது அவர் பலவீனமானவர் என்பதற்கு அடையாளம் கிடையாது, காலம் சரியில்லை, அவ்வளவுதான். தள்ளிப் போடலாம், அடுத்த பயிற்சி வகுப்பு வரும். இந்த வேலையில் எல்லோருக்கும் ஒரு குறிப்பிட்ட வகை அழைப்பு பொறுக்காது. அது நிலையானதும் இல்லை: எத்தனையோ வருஷம் எதையும் தாங்கியவர்கள், தங்களுக்குக் குழந்தை பிறந்த பிறகு குழந்தை சம்பந்தப்பட்ட அழைப்புகளில் தடுமாறியதைப் பார்த்திருக்கிறேன். இன்றைக்குத் தாங்குகிறேன் என்பது இன்றைக்கு மட்டும்தான்.

உங்களைப் பார்த்த அளவுக்கு அந்த இடத்தையும் பாருங்கள். நேர்முகத்தில் "மன அழுத்தத்தை எப்படிச் சமாளிப்பீர்கள்" என்று அவர்கள் உங்களைக் கேட்டிருப்பார்கள். நீங்களும் கேளுங்கள். மோசமான அழைப்பு முடிந்ததும் பத்து நிமிடம் எழுந்துபோக யாரிடம் கேட்க வேண்டும்? நேற்று யாராவது அப்படிப் போனார்களா? இதற்கு "எப்ப வேணாலும் போகலாம்" என்று மேலாளர் சொல்வதை நம்பாதீர்கள், வேலை செய்கிறவரிடம் தனியாகக் கேளுங்கள், அவர் சிரித்தால் பதில் தெரிந்துவிடும். இரவு ஷிஃப்ட் எத்தனை நாள் தொடர்ச்சியாக, நடுவில் எத்தனை நாள் ஓய்வு? தூக்கம் இல்லாதவருக்கு நேற்றுத் தாங்கியது இன்று தாங்காது, அதை மன உறுதி வைத்துச் சரிக்கட்ட முடியாது. முடிவு என்ன ஆயிற்று என்று விரும்பினால் தெரிந்துகொள்ள வழி உண்டா? சில மையங்கள் ஏற்பாடு பண்ணுகின்றன, அது பெரிய விஷயம்.

"பெரிய சம்பவம் நடந்தால் உடனே எல்லோரையும் ஓர் அறையில் உட்காரவைத்து மனதில் உள்ளதைக் கொட்டச் சொல்வோம், கட்டாயம் வர வேண்டும்" என்று பெருமையாகச் சொன்னால் நான் அதை நல்ல குறியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சம்பவத்துக்குப் பின் ஒரே ஒரு தடவை நடத்தும் அந்த மாதிரிக் கூட்டம் பிற்பாடு மனநோய் வராமல் தடுப்பதாகத் தெரியவில்லை என்று மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2002 மதிப்பாய்வே சொல்லிவிட்டது, கட்டாயப்படுத்துவதை நிறுத்த வேண்டும் என்றும் அதில் சொன்னார்கள். பேச விரும்புகிறவர் பேசட்டும், விரும்பாதவரை விடட்டும், கூட வேலை செய்கிறவர் ஒருவர் இரண்டு நாள் கழித்து "தூங்கினியா?" என்று கேட்கட்டும், சரியாகாதவருக்கு முறையான சிகிச்சைக்கு வழி இருக்கட்டும். இவ்வளவு இருந்தால் போதும், இவ்வளவு இருக்கிற இடம் குறைவு.

சேர்ந்துவிட்டால் எதைக் கவனிப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் தகுதிகாண் காலம்தான் உண்மையான பரீட்சை, மேலே சொன்னதெல்லாம் அதற்கு முன்னோட்டம். கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலாளர் வேலையில் ஆள் எரிந்துபோவதை மூன்றாகப் பிரித்தார்: களைப்பு, மனிதர்கள் மேல் வரும் விலகல், என்னால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்ற எண்ணம். களைப்பு உங்களுக்கே தெரியும். இரண்டாவதுதான் தெரியாது, ஏனென்றால் அது நிம்மதி மாதிரி வரும். "இப்பல்லாம் எனக்கு ஒண்ணும் ஆகறதில்ல" என்று நீங்களே சந்தோஷமாகச் சொல்வீர்கள். அதைப் பிடிக்க ஒரு வழி, மணி அடிக்கும்போது உங்களுக்கு வரும் முதல் எண்ணத்தைக் கவனிப்பது. "என்னவா இருக்கும்" என்பது போய் "பொய்யாத்தான் இருக்கும்" என்று வர ஆரம்பித்தால் அது ஆபத்து. இந்த வேலையில் அது உங்கள் மனநலத்தோடு நிற்காது, அந்தக் குறட்டைச் சத்தத்தைக் குறட்டை என்றே எடுத்துக்கொள்ள வைத்துவிடும். அனுபவசாலிகள் சாவை வைத்துக்கூட ஜோக் அடிப்பார்கள், அதற்காக அவர்களை விலகிப்போனவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். ஜோக் அடித்துவிட்டு அடுத்த அழைப்பில் முழுசாக இருக்கிறாரா என்று பாருங்கள்.

உட்கார்ந்து கேட்டுப் பார்த்து, ஒத்து வராது என்று பட்டால், காப்பீட்டு வேலை ஒன்றுதான் மிச்சம் என்று நினைக்க வேண்டாம். அதே மையத்தில் வண்டிகளை அனுப்பும் மேசை ஒன்று இருக்கும். அங்கே அழைப்பவரின் அழுகை காதில் விழாது, வண்டியில் போகிறவர்களோடு வயர்லெஸ்ஸில் பேச்சு, எந்த வண்டி எங்கே, எது காலி, எதைத் திருப்புவது என்ற கணக்கு. நெருக்கடி உண்டு, பிழை விட்டால் விளைவும் உண்டு, ஆனால் அது வேறு வகைத் தாங்குதிறன். ஃபோனில் திணறிய ஆட்கள் அங்கே அருமையாக வேலை செய்வதைப் பார்த்திருக்கிறேன். மாறாக, பழைய அழைப்புகளைக் கேட்டுத் தரம் பார்க்கும் பிரிவு அமைதியானது என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அவர்கள் கேட்பதில் மோசமானவை நிறைய இருக்கும், எண்ணிக் கொடுக்கிற வேலைகூட அவர்களுக்குக் கிடையாது.

என் கருத்து என்ன என்று கேட்டால், உங்கள் கடிதத்தில் இருக்கிற எதுவும் இந்த வேலைக்கு எதிராகச் சாட்சி சொல்லவில்லை, ஆதரவாகவும் போதுமான அளவு சொல்லவில்லை. பயிற்சி தொடங்க ஒரு மாதம் இருக்கிறது. இந்த வாரமே மையத்துக்கு எழுதி, ஒரு முழு இரவு ஷிஃப்ட் உட்கார்ந்து கேட்க அனுமதி கேளுங்கள், பகல் வேண்டாம், இரவு. மறுத்தால், ஏன் என்று கேளுங்கள், காரணத்தை எனக்கும் எழுதுங்கள். அனுமதித்தால், போய் வந்த அன்று வீட்டில் யாரிடமும் முடிவு சொல்லாதீர்கள், காப்பீட்டுக்காரர்களுக்குப் பதில் போட ஒரு வாரம் அவகாசம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வாரம் உங்களுக்குத் தேவைப்படும்.

அன்புடன்,
அக்கா